படத்தைப் பார்த்துத் தவளையா, தேரையா என்று சொல்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு படம் கையில் இருக்கிறது. முதலில் எங்கே பார்க்க வேண்டும்?

கண்ணுக்குப் பின்னால். தமிழ்நாட்டுச் சமவெளியில் வீடு, வயல், குளக்கரை, சாலையோரம் எங்கே எடுத்த படமானாலும் தீர்ப்பு அங்கேதான் இருக்கிறது. நம்மூரில் எங்கும் காணப்படும் தேரைக்கு (டட்டாஃப்ரைனஸ் மெலனோஸ்டிக்டஸ்) கண்ணின் பின்பக்கத்திலிருந்து தோள்வரை, இரண்டு பக்கமும், அவரை விதையைப் படுக்க வைத்ததுபோல ஒரு வீங்கிய மேடு இருக்கும். அதுதான் பரோட்டாய்டு சுரப்பி. வளர்ந்த பிராணியில் அது தெளிவாகத் தெரிந்தால் தேரை என்று எழுதிவிடலாம்.

அடுத்து கண்ணைச் சுற்றிப் பாருங்கள். இதே தேரைக்கு மூக்கின் அருகிலிருந்து கண் இமையின் மேல் ஓடி, கண்ணின் பின்பக்கம் வளைந்து இறங்கும் எலும்பு வரப்பு ஒன்று உண்டு. அதன் விளிம்பு கறுப்பாக இருக்கும். கண்மை தீட்டிய முகம் மாதிரித் தெரியும். உதட்டு ஓரத்திலும் பெரும்பாலும் அதே மை ஓடும். சுரப்பியும் மையும் சேர்ந்து இருந்தால் வேறு எதையும் அளக்க வேண்டியதில்லை. தோல், கால், கண் பாவை மூன்றும் சாட்சிகள்தாம். தலை சரியாகத் தெரியாத படத்தில்தான் அவற்றுக்கு வேலை வருகிறது.

எங்கள் ஊரில் குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருப்பதைத்தான் தேரை என்போம். அது தேரை இல்லையா?

பல ஊர்களில் அப்படித்தான் வழக்கு. ஒல்லியாக, வழவழப்பாக, சுவரில் தாவி ஒட்டுவது தேரை. உடம்பெல்லாம் கொப்புளமாக வாசலில் உட்கார்ந்திருப்பது சொறித்தவளை. அந்தப் பேச்சுவழக்கில் தவறு ஏதும் இல்லை. ஆனால் பாடநூல்களிலும் உயிரினப் பதிவுகளிலும் பெயர் நேர்மாறாக நிற்கிறது. அங்கே தேரை என்பது சொறித்தவளை. சுவரில் ஒட்டுவது மரத்தவளை (பாலிபெடேட்டஸ் மாகுலேட்டஸ்). இரண்டு பேர் ஒரே படத்தைப் பார்த்துச் சண்டை போடும்போது பாதி நேரம் சிக்கல் இந்தப் பெயரில்தான் இருக்கிறது, படத்தில் இல்லை. ஆகவே பதில் எழுதும்போது "சொறித்தவளை எனப்படும் தேரை" என்று இரண்டையும் சேர்த்து எழுதிவிடுவது நல்லது. இந்தப் பக்கத்தில் தேரை என்றால் சொறித்தவளைதான்.

இன்னொன்று. அறிவியல் வகைப்பாட்டில் தேரை தவளைக்கு எதிர்க்கட்சி அல்ல. தவளை இனங்கள் அடங்கிய பெரிய வரிசையில் தேரை ஒரு குடும்பம், அவ்வளவே. எல்லாத் தேரையும் தவளை வரிசையைச் சேர்ந்தது. நாம் இங்கே கேட்பது, இது அந்த ஒரு குடும்பத்தைச் சேர்ந்ததா, இல்லையா என்பதைத்தான்.

கண்ணுக்குப் பின்னால் வட்டமாக ஏதோ தெரிகிறது. அதுதான் சுரப்பியா?

பெரும்பாலும் இல்லை, அது செவிப்பறை. படத்தில் நடக்கும் தவறுகளில் இதுதான் முதலிடம். கண்ணுக்குப் பின்னால் மூன்று விஷயங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பழகுங்கள்.

செவிப்பறை தட்டையானது. சட்டைப் பொத்தானைத் தோலில் பதித்ததுபோல விளிம்பு தெரியும் வட்டம். கண்ணுக்குப் பின்னால், சற்றுக் கீழே, வாய்க்கோட்டுக்கு அருகில் இருக்கும். இது தவளைக்கும் உண்டு, தேரைக்கும் உண்டு. எனவே இதைக் கண்டதால் எதுவும் முடிவாகாது.

இரண்டாவது, தோல் மடிப்பு. கண்ணின் பின்முனையில் புறப்பட்டு, செவிப்பறையின் மேல் வளைந்து, தோளை நோக்கி இறங்கும் ஒடுக்கமான கோடு. மரத்தவளையிலும் வயல் தவளைகளிலும் இது நன்றாகத் தெரியும். மேலிருந்து வெளிச்சம் அடித்தால் மடிப்பின் கீழே நிழல் விழுந்து, மடிப்பே தடித்த மேடுபோலத் தோன்றும். அதைச் சுரப்பி என்று எண்ணி மரத்தவளையைத் தேரையாக்கிவிடுகிறார்கள். மடிப்புக்கு நீளம் உண்டு, அகலம் கிடையாது. ஒரு கயிற்றைத் தோலுக்கு அடியில் ஓடவிட்டதுபோல இருக்கும்.

மூன்றாவதுதான் சுரப்பி. செவிப்பறைக்கு மேலே இருக்கும். அகலம், உயரம் இரண்டும் உண்டு. வளர்ந்த தேரையில் பெரும்பாலும் கண்ணைவிட நீளமாக இருக்கும். படத்தைப் பெரிதாக்கினால் அதன் மேல் ஊசியால் குத்தினாற்போல நுண்ணிய துளைகள் தெரியும். மடிப்பில் அந்தத் துளைகள் இருக்காது. சந்தேகம் வந்தால் மேலிருந்து எடுத்த படத்தைப் பாருங்கள். சுரப்பியானால் கழுத்தின் இரண்டு பக்கமும் சமமாகப் புடைத்து, தலைக்கும் தோளுக்கும் இடையே இரண்டு திண்டு வைத்ததுபோலத் தெரியும். மடிப்பு மேலிருந்து பார்த்தால் ஒரு கோடாகத்தான் நிற்கும்.

தோல் சொரசொரப்பாக இருந்தால் தேரைதானே?

அதை மட்டும் வைத்துச் சொன்னால் பலமுறை தவறும். தோல் விஷயத்தில் கேட்க வேண்டியது, சொரசொரப்பு எந்த வடிவத்தில் இருக்கிறது என்பது.

தேரையின் முதுகில் இருப்பவை தனித்தனி மருக்கள். பெரிதும் சிறிதுமாக, ஒன்றோடொன்று சேராமல், மேடாக நிற்கும். பல மருக்களின் உச்சியில் கறுத்த முனை இருக்கும், மிளகைத் தூவியதுபோல. மெலனோஸ்டிக்டஸ் என்ற பெயருக்கே கறும்புள்ளி கொண்டது என்றுதான் பொருள். வயலில் இருக்கும் பெருந்தவளையின் (ஹோப்லோபட்ராக்கஸ் டைகரினஸ்) முதுகும் வழவழப்பு அல்ல. ஆனால் அங்கே இருப்பவை மருக்கள் அல்ல, தலையிலிருந்து பின்பக்கம் ஓடும் நீள மடிப்புகள். வயலில் உழவுச் சால்களைப் பார்த்ததுபோல இருக்கும். வயலோரம் துள்ளும் சிறு தவளைகளில் இந்த மடிப்புகள் துண்டு துண்டாக உடைந்திருக்கும். தூரத்துப் படத்தில் அவை மருவாகத் தோன்றி ஏமாற்றும். பெரிதாக்கிப் பாருங்கள்: துண்டுகள் எல்லாம் உடம்பின் நீளவாக்கில் நீண்டிருந்தால் தவளை, வட்ட வட்டமாகச் சிதறிக் கிடந்தால் தேரைப் பக்கம் சாயலாம்.

ஈரம் தனித் தொல்லை. மழையில் நனைந்த தேரை பளபளக்கும். படத்தில் வழவழப்பான தவளைபோல வரும். சேற்றில் புரண்ட தவளை காய்ந்ததும் மண் பொருக்கு ஒட்டி, மருவுள்ள தேரைபோல வரும். நீரில் கண்ணை மட்டும் வெளியே நீட்டி மிதந்துகொண்டிருந்தால் பெரும்பாலும் குளத்துத் தவளைதான். அதன் முதுகிலும் சின்னச் சின்னக் குருக்கள் உண்டு. தேரை இனப்பெருக்கக் காலம் தவிர தண்ணீரில் அப்படி மிதந்துகொண்டிருப்பதில்லை.

காலின் நீளத்தைப் படத்தில் எப்படி அளப்பது?

முழுக் காலை அளக்க முயலாதீர்கள். உட்கார்ந்திருக்கும்போது கால் மூன்றாக மடிந்து கிடக்கும். அதில் முழங்காலிலிருந்து குதிகால்வரை உள்ள துண்டு ஒன்றுதான் வெளியே நேராகத் தெரியும். அதைக் கெண்டைத் துண்டு என்று வைத்துக்கொள்வோம். மேலிருந்து நேராக எடுத்த படத்தைத் திரையில் திறந்து, ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து மூக்கு நுனியிலிருந்து உடம்பின் பின்முனைவரை ஒரு குறி, கெண்டைத் துண்டுக்கு ஒரு குறி போடுங்கள். பிறகு இரண்டையும் அடிக்கோலால் அளந்து, கெண்டையை உடல் நீளத்தால் வகுங்கள். பிராணியின் உண்மையான அளவு தேவையில்லை, விகிதம் போதும்.

தேரைக்கு அது ஏறத்தாழ 0.4 வரும். பெருந்தவளைக்கும் மரத்தவளைக்கும் 0.5 பக்கத்தில் வரும். திரையில் உடல் 96 மி.மீ., கெண்டை 38 மி.மீ. என்றால் 0.40, தேரைக்குப் பொருந்துகிறது. உடல் 90, கெண்டை 46 என்றால் 0.51, தாவும் தவளையின் கால். இடைவெளி சிறியது என்பதால் 0.43 முதல் 0.47 வரை வந்தால் கால் எதையும் சொல்லவில்லை என்று விட்டுவிடுங்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. தேரை முன்காலை ஊன்றி நிமிர்ந்து உட்காரும் பழக்கம் உள்ளது. அப்போது மேலிருந்து எடுத்தால் உடம்பு குறுகித் தெரியும், கெண்டை ஏறக்குறைய அப்படியே இருக்கும். உடம்பு 45 பாகை நிமிர்ந்திருந்தால் அதன் நீளம் படத்தில் பத்தில் மூன்று பங்கு குறைந்துவிடும். மேலே சொன்ன 96 மி.மீ. தேரை 67 மி.மீ. ஆகி, விகிதம் 0.57க்குப் போய்விடும். அசல் தேரை, கணக்கில் தவளை. ஆகவே வயிறு தரையில் படிந்திருக்கும் படத்தில் மட்டும் அளங்கள். முகம் பெரிதாகவும் பின்பக்கம் சின்னதாகவும் தெரிகிற அண்மைப் படத்தையும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

உடம்பு உருண்டை, கால் குட்டை. தேரை என்றேன், தவறு என்கிறார்கள். ஏன்?

நீங்கள் பார்த்தது மண் தோண்டும் தவளையாக இருக்கலாம். மணற்பாங்கான இடங்களில், முதல் மழைக்கு வெளியே வரும் ஸ்ஃபெரோதீக்கா இனத்துத் தவளைகள் இந்தக் குழப்பத்தைத் தவறாமல் உண்டாக்கும். ஒரு படத்தை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் போவோம்.

தோட்டத்து மணலில், மழைக்கு மறுநாள் இரவு எடுத்த படம். பழுப்பு உடம்பு, பருத்த வயிறு, மழுங்கிய மூக்கு. திரையில் உடல் 85 மி.மீ., கெண்டை 34 மி.மீ.; விகிதம் 0.40. கால் தேரை என்கிறது. முதுகில் அங்கங்கே சில மேடுகள். தோலும் தேரைப் பக்கமே லேசாகச் சாய்கிறது. கண் பாவை கிடைமட்டம். இத்தோடு நிறுத்தினால் தேரை என்றே எழுதிவிடுவோம்.

இப்போது தலைக்குப் போங்கள். கண்ணைச் சுற்றிக் கறுத்த வரப்பு இல்லை. இமை வழவழப்பாக இருக்கிறது. கண்ணுக்குப் பின்னால் செவிப்பறை தெரிகிறது, அதன் மேல் ஒரு மடிப்பு தோள்வரை இறங்குகிறது, அதற்கு மேலே திண்டு எதுவும் இல்லை. மேலிருந்து எடுத்த படத்தில் தலை நேரே தோளோடு இணைகிறது, கழுத்தில் புடைப்பு இல்லை. கடைசியாகப் பின்காலின் உள்ளங்கால், பெருவிரல் பக்கம்: மண்வெட்டி அலகுபோல மெலிந்து நீண்ட ஒரு கடினமான மேடு. பின்காலால் மண்ணைத் தள்ளித் தள்ளி, பின்பக்கமாகவே புதையும் பிராணியின் கருவி அது. மண் தோண்டும் தவளைதான், ஐயமில்லை.

கால் குட்டையாக இருப்பதன் காரணம் இங்கே புரிந்துவிடும். நீண்ட கால் தாவுவதற்கு. நடப்பதற்கும் தோண்டுவதற்கும் குட்டைக் கால் போதும். எந்தக் குடும்பமானாலும் தாவிப் பிழைக்காத பிராணிக்குப் பெரும்பாலும் கால் குட்டையாகவே இருக்கும். கால் தொழிலைச் சொல்கிறது, பிறப்பைச் சொல்வதில்லை. சுரப்பி பிறப்பைச் சொல்கிறது.

கண் பாவை செங்குத்தாக இருந்தால் ஒன்று, படுத்திருந்தால் ஒன்று என்று இணையத்தில் படித்தேன். சரியா?

அது வேறு நாட்டு விதி. வட அமெரிக்காவில் மண்வெட்டிக்கால் தேரைகள் என்று ஒரு கூட்டம் உண்டு. அவற்றின் பாவை பூனைக் கண்போலச் செங்குத்து. அசல் தேரைக் குடும்பத்துக்குப் பாவை கிடைமட்டம். அந்த இரண்டையும் பிரிக்க அங்கே அந்த விதி உதவுகிறது. நம்மூரில் தேரைக்கும் கிடைமட்டம், மரத்தவளைக்கும் கிடைமட்டம், வயல் தவளைகளுக்கும் கிடைமட்டம். எனவே படுத்த பாவையைக் கண்டு தேரை என்றோ தவளை என்றோ சொல்ல வழியில்லை.

ஒரே ஒரு இடத்தில் அது கைகொடுக்கும். மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் வாழும் நிக்டிபட்ராக்கஸ் தவளைகளின் பாவை சாய்சதுர வடிவில் இருக்கும். உடம்பு சுருக்கம் சுருக்கமாக, பருமனாக இருப்பதால் இவற்றையும் சிலர் தேரை என்பார்கள். பாவை சாய்சதுரமாகத் தெளிவாகத் தெரிந்தால் அது தேரை அல்ல.

இரவில் எடுத்த படத்தில் பாவை வட்டமாகத் தெரிகிறதே?

இருட்டில் பாவை விரிந்துவிடும். படுத்த நீள்வட்டம் ஏறக்குறைய முழு வட்டமாகிவிடும். ஃபிளாஷ் கண நேரத்தில் பாய்ந்து முடிவதால், பாவை சுருங்குவதற்குள் படம் பதிந்துவிடுகிறது. ஃபிளாஷை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டிலிருந்து சில நொடிகள் காட்டிப் பிறகு எடுங்கள். பாவை சுருங்கி உண்மையான வடிவம் தெரியும். அதே பக்க வெளிச்சம் சுரப்பிக்கும் மருவுக்கும் நிழல் கொடுத்து எடுப்பாகக் காட்டும். முன்னிருந்து அடிக்கும் ஃபிளாஷ் மேடுகளை எல்லாம் தட்டையாக்கிவிடும்.

மழை பெய்ததும் மஞ்சளாக நிறைய வந்தன. மஞ்சள் என்றால் பெருந்தவளைதானே?

நிறத்தை நம்ப வேண்டாம். இனப்பெருக்கக் காலத்தில் பெருந்தவளை ஆண் எலுமிச்சை மஞ்சளாக மாறும், உண்மை. ஆனால் தேரை ஆணும் கூடல் நேரத்தில் மஞ்சளாகும். தொண்டையைப் பாருங்கள்: பெருந்தவளை ஆணுக்குத் தொண்டையின் இரு பக்கமும் நீல நிறத்தில் இரண்டு பைகள் உப்பும், தேரைக்குத் தொண்டைக்குக் கீழே ஒரே பை. கத்தாத நேரத்துப் படமானால் மறுபடியும் கண்ணுக்குப் பின்னால்தான் போக வேண்டும். அருகிலேயே தண்ணீரில் முட்டை இருந்தால் இன்னும் எளிது: தேரையின் முட்டைகள் நீண்ட இழைகளாக, கறுப்பு மணி கோத்த நூல்போலக் கிடக்கும்.

விரல் நகம் அளவில் குட்டிகள் கூட்டமாக வந்தன. சுரப்பியே தெரியவில்லை.

தெரியாது. வாலை இழந்து கரையேறிய புதிதில் தேரைக் குஞ்சு ஒரு செ.மீ. அளவே இருக்கும். சுரப்பி, வரப்பு, செவிப்பறை எதுவும் அப்போது தெளிவாக உருவாகியிருக்காது. இந்தப் பக்கத்தில் சொன்ன அடையாளங்கள் வளர்ந்த பிராணிக்கானவை. குஞ்சின் படத்துக்கு "தேரைக் குஞ்சாக இருக்கலாம்" என்பதற்கு மேல் எழுத வேண்டாம். அதே குட்டையில் கறுப்புத் தலைப்பிரட்டைகள் கூட்டமாக இருந்தனவா என்று படம் எடுத்தவரிடம் கேட்பது, படத்தை எத்தனை முறை பெரிதாக்கிப் பார்ப்பதையும்விடப் பயன் தரும்.

விரல் நுனியில் வட்டத் தட்டு இருந்தால் தேரை இல்லை என்று சொல்லலாமா?

சமவெளியில் சொல்லலாம். சுவரிலும் கதவிலும் ஒட்டியிருப்பதன் விரல் நுனி வட்டமாக விரிந்திருந்தால் மரத்தவளை. தொடையின் பின்பக்கம் கருத்த தோலில் மஞ்சள் புள்ளிகள் தெரிந்தால் உறுதி. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் மட்டும் நிதானம் தேவை. மரமேறும் தேரை ஒன்று (பெடோஸ்டைப்ஸ் டியூபர்குலோசஸ்) அங்கே இருக்கிறது. அதற்கு விரல் நுனி விரிந்திருக்கும், சுரப்பியும் உண்டு. இலங்கையிலும் அடெனோமஸ் இனத்துத் தேரைகள் ஒல்லிக் காலோடு தவளைபோலவே இருக்கும். படம் எங்கே எடுத்தது என்று கேட்காமல் பதில் சொல்ல வேண்டாம் என்பது இதற்காகத்தான்.

எத்தனை படம், எப்படி எடுத்தால் சந்தேகம் வராது?

மூன்று போதும். ஒன்று நேர் மேலிருந்து, உடம்பு முழுவதும், பக்கத்தில் அடிக்கோலோடு. இரண்டாவது, போனைத் தரையோடு தாழ்த்தி, கண் மட்டத்தில், தலையின் பக்கவாட்டுத் தோற்றம். மூக்கிலிருந்து தோள்வரை சட்டத்தை நிரப்பட்டும். மூன்றாவது, பின்கால் பாதம். மிக நெருங்கினால் முகம் உப்பித் தெரியும், குவியமும் தவறும். ஓரடி தூரத்தில் நின்று இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு, சுரப்பியின் நுண்துளைகள் முதலில் அழிந்துபோகும். டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள்.

படத்துக்காகக் கையில் பிடிக்கலாமா? தேரை விஷம் என்கிறார்களே.

பிடிக்காமலே எடுங்கள். நசுக்கினாலோ கடித்தாலோ அந்தச் சுரப்பியிலிருந்து பால்போல வெண்ணிறமான திரவம் கசியும். அதில் இதயத்தைப் பாதிக்கும் நச்சுப் பொருள்கள் உள்ளன. தொட்டதால் மரு வராது, உயிரும் போகாது. ஆனால் அந்தக் கையால் கண்ணைத் தேய்த்தால் கடுமையாக எரியும். சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். நம் கையில் உள்ள உப்பும் கிரீமும் தவளைத் தோலுக்கு ஆகாது என்பதையும் நினைவில் வையுங்கள். அதற்குத் தோல் மூச்சு விடும் உறுப்பும்கூட. நாய் தேரையைக் கவ்வி நுரை தள்ளினால், ஈரத் துணியால் ஈறையும் நாக்கையும் துடைத்து, தலையைத் தாழ்த்திப் பிடித்துத் தண்ணீர் வெளியே வழியும்படி கழுவி, உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

தலை தெரியவில்லை, முதுகு மட்டும்தான் இருக்கிறது. என்ன எழுதுவது?

முதுகில் கறுத்த முனையுள்ள தனித்தனி மருக்கள் நிறைந்திருந்தால் "தேரை, பெரும்பாலும்" என்று எழுதலாம். நீள மடிப்புகள் என்றால் தவளை. இரண்டும் தெளிவில்லை என்றால் "தலையின் பக்கவாட்டுப் படம் வேண்டும்" என்று எழுதிவிட்டு நிறுத்துங்கள். ஒரு பதிவில் தவறான பெயர் ஏறிவிட்டால் அடுத்து வருபவர் அதையே மாதிரியாக வைத்து இன்னொரு படத்துக்குப் பெயர் போடுகிறார்; மண் தோண்டும் தவளைகள் பல பதிவுகளில் தேரையாகக் கிடப்பது அப்படித்தான்.